மாமாவின் எக்ஸ்ரே: அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நோய் இருக்கிறதா இல்லையா என்று நான் சொல்லமாட்டேன். படம் எடுப்பதுதான் என் வேலை, அதைப் படித்துச் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் எது எது என்று காட்டித் தரலாம்.

முதலில் உங்கள் பயம். "பீடி குடிச்சுக் குடிச்சு நெஞ்செல்லாம் கறுத்துப்போச்சு" என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கறுப்பு புகைக்கரி இல்லை, காற்று. எக்ஸ்ரே கதிர் காற்றைச் சுலபமாகத் தாண்டிப்போய்விடும், அந்த இடம் கறுப்பாக விழும். எலும்பு தடுத்துவிடும், அதனால் வெள்ளை. சதையும் ரத்தமும் இரண்டுக்கும் நடுவே சாம்பல். பீடியே தொடாத என் நெஞ்சை எடுத்தாலும் நுரையீரல் கறுப்பாகத்தான் தெரியும். அதற்காக மாமா குடிக்கலாம் என்று அர்த்தமில்லை!

அடுத்து, இதயம் வலப்பக்கம் இருப்பதாகப் பதறினீர்களே. மாமா உங்கள் எதிரே நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடது உங்களுக்கு வலது. மூலையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதே, அதுதான் அவருடைய இடப்பக்கம். நடுவில் ஆரம்பித்து அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் வெள்ளை நிழல் இதயம். அதன் தலைக்கு மேல் சின்னப் புடைப்பு மாதிரித் தெரிவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி வளையும் இடம். கழுத்திலிருந்து நடுவே இறங்கும் கறுப்புப் பட்டை மூச்சுக்குழாய்.

மேலே இரண்டு பக்கமும் காறை எலும்பு. விலா எலும்பு 12 ஜோடி. படுக்கைவாட்டில் பளிச்சென்று தெரிபவை முதுகுப்பக்கத்துப் பகுதிகள். சரிந்து மங்கலாக இறங்குபவை முன்பக்கத்தவை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுவதால்தான் கூடை பின்னினாற்போல இருக்கிறது. மொத்தமும் நிழல்தானே, அத்தை. தாலிச் சங்கிலி, ஊக்கு, சில சமயம் பின்னல்கூட நுரையீரல் மேல் விழும். எங்கள் அறையில் பெண்களிடம் சடையைத் தூக்கிக் கட்டச் சொல்வது இதற்குத்தான்.

கீழே இரண்டு கவிழ்த்த கிண்ணம் போலிருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம். பெரும்பாலும் வலது சற்று உயர்ந்திருக்கும், அதனடியில் கல்லீரல். இடது கிண்ணத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு குமிழி தெரிந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வழக்கமாக அது வயிற்றுக்குள் இருக்கும் காற்று.

நடுவில் இதயத்தின் இருபக்கமும் வேர் பரவியதுபோல வெள்ளைக் கோடுகள் இருக்கின்றன அல்லவா, அவை பெரும்பாலும் ரத்தக்குழாய்கள். "இந்தக் கோடு கூடுதலா" என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். செவ்வாய்க்கிழமை டாக்டரிடமே கேளுங்கள். போன வருஷம் எடுத்த பழைய ஃபிலிம் பீரோவில் இருக்கும், அதையும் எடுத்துப் போங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவருக்கு உதவும்.

இப்படிக்கு,
செல்வி