பதினோராம் மாதம்

வருமானச் சான்றிதழில் கணக்கர் எழுதியிருந்த எண்ணைப் பார்த்ததும் மங்கைக்குச் சிரிப்புதான் வந்தது. ஆண்டு வருமானம் 6,00,000 என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டிருந்தார்.

"ஐயா, பெருக்கலில் ஒரு சின்னத் தவறு. அறுபதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஏழு லட்சத்து இருபதாயிரம் வரும்."

ஏழாம் வகுப்புப் பிள்ளையின் ஒற்றுப்பிழையைச் சுட்டும்போது வரும் அதே குரல். முகம் வாடிவிடாமல் சொல்ல வேண்டும் என்று இருபது ஆண்டுகளாகப் பழகிய குரல். கணக்கரின் முகம் வாடவில்லை. முத்திரையை மைத்திண்டின் மேல் வைத்துவிட்டு, "பன்னிரண்டால் ஏன் பெருக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம்தானே?"

"ஆண்டுக்குப் பன்னிரண்டு. சம்பளத்துக்குப் பத்து."

அவர் எழுந்து, அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்து, நான்காம் பக்கத்தை விரித்து, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். விரலால் காட்டக்கூட இல்லை. எத்தனை பேருக்கு இப்படித் திருப்பி வைத்திருப்பாரோ, அந்தத் தாளின் மூலை நாய்க்காதுபோல் மடிந்திருந்தது.

ஏழாவது பத்தி. 'ஒப்பந்தக் காலம் பன்னிரண்டு மாதங்கள். ஆண்டூதியம் 6,00,000. இத்தொகை, பணியாளர் எழுத்து மூலம் வேறு விருப்பம் தெரிவித்தாலன்றி, கல்வியாண்டின் முதல் பத்து மாதங்களில் சம தவணைகளாக வழங்கப்படும்.'

மங்கை அதை இரண்டு முறை படித்தாள். மொழியாசிரியை அவள். எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, நிபந்தனை எந்தச் சொல்லில் தொங்குகிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் பிழைப்பு. வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. 'பத்து' என்ற சொல் ஒளிந்திருக்கவும் இல்லை, நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. கீழே அவளுடைய கையெழுத்து, 'ங்' கொஞ்சம் பெரிதாக, சந்தோஷத்தில் போட்டது என்று பார்த்த உடனே தெரிகிற மாதிரி.

நேர்முகத்தில் நிர்வாகி சொன்னது அவளுக்கு அப்படியே நினைவிருந்தது. "மாதம் அறுபது வரும் டீச்சர்." அதுவும் பொய் இல்லை. வந்தது. ஏழு மாதமாக, தேதி தவறாமல் வந்தது.

"வேறு விருப்பம் என்று போட்டிருக்கிறதே, அது என்ன?"

"பன்னிரண்டு தவணை வேண்டும் என்றால் சேரும்போதே எழுதித் தர வேண்டும். படிவத்தில் கட்டம் இருக்கிறது. நீங்கள் நிரப்பவில்லை. நிரப்பாவிட்டால் பத்து."

"இப்போது நிரப்பித் தரட்டுமா?"

"ஆண்டு நடுவில் மாற்ற முடியாது அம்மா."

"சரி, பதினோராம் மாதம் நான் எந்தப் பள்ளி ஆசிரியை?"

"நம் பள்ளிதான். விடுமுறையில் ஒரு வாரம் பயிற்சி வகுப்பு வேறு இருக்கிறதே, வந்துதான் ஆக வேண்டும்."

"அந்த மாதச் சம்பளம்?"

"வாங்கிவிட்டீர்களே" என்றார் கணக்கர்.

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. யாராவது ஒருவர் ஏமாற்றியிருந்தால் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்றாவது தெரிந்திருக்கும். இங்கே பேசிய தொகையில் ஒரு காசு குறையவில்லை. அவளுடைய பணத்தை அவளிடமே கொஞ்சம் முன்கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அது முன்பணம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள். பழைய பள்ளியில் மாதம் நாற்பத்தெட்டாயிரம், பன்னிரண்டு மாதமும். ஆண்டுக்கு 5,76,000. இங்கே ஆறு லட்சம். முதல் திருப்பத்தில் கழித்தாள், 24,000. இரண்டாம் திருப்பத்தில் பன்னிரண்டால் வகுத்தாள். இரண்டாயிரம்.

மாதம் பன்னிரண்டாயிரம் கூடுதல் என்று பழைய பள்ளியின் பிரிவு விழாவில் எத்தனை பேரிடம் சொன்னாள்! அந்தக் கூடுதலை நம்பித்தான் மாடி வீட்டைக் காலி செய்தாள். அம்மாவின் முழங்காலுக்குப் படி ஆகாது என்று, மாதம் ஒன்பதாயிரம் அதிக வாடகைக்குத் தரைத்தள வீடு பார்த்தாள். இரண்டாயிரத்தை வைத்துக்கொண்டு ஒன்பதாயிரத்துக்கு வீடு மாறியிருக்கிறாள். மீதி ஏழாயிரத்தை மாதாமாதம் கொடுத்தது யார்? பதினோராம் மாதத்து மங்கையும் பன்னிரண்டாம் மாதத்து மங்கையும்தான்.

ஆசிரியர் அறையில் கமலா அக்கா மட்டும் இருந்தார். பதினான்கு ஆண்டுகளாக இதே பள்ளி. மங்கை சொல்லி முடிப்பதற்குள், "ஏழாம் பத்தியா?" என்று கேட்டுவிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"எல்லோருக்கும் தெரியும். நான் படித்தது பதினோராம் மாதம் முதல் தேதி, வங்கி வாசலில் நின்றுகொண்டு. உனக்கு நாலு மாதம் முன்னாலேயே தெரிந்துவிட்டது."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கமலா அக்கா விடைத்தாள் கட்டை நூலால் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "முதல் சம்பளம் வந்த அன்றைக்கு நீ இந்த மேசையில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஃபோன் செய்தாய். 'வீடு பார்த்துவிடலாம் அம்மா' என்றாய். அப்போது போய் எப்படிச் சொல்வது? பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு என்பது எப்போதும் தள்ளித் தள்ளித்தானே போகிறது."

"விடுமுறையில் தனிப்பயிற்சி வகுப்பு எடுத்தால்?"

"ஒன்பதாம் பத்தி" என்றார் அக்கா. "ஒப்பந்தக் காலம் முழுவதும் வெளியே ஊதியம் பெறக் கூடாது. ஒப்பந்தக் காலத்துக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். கடைசிச் சம்பளத்திலும் கை வைப்பார்கள், மருத்துவக் காப்பீட்டுக்கு மூன்று மாதத் தவணையையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வார்கள். அதையும் சேர்த்துக் கணக்குப் போடு."

முதல்வரைப் போய்ப் பார்த்தாள். அவர் நிதானமாகக் கேட்டார், வருத்தப்பட்டார், அடுத்த ஆண்டு மறக்காமல் கட்டத்தை நிரப்பச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கடைசி வகுப்பு முடியும்வரை விடைத்தாள் திருத்தினாள். உரைப்பகுதியைப் படித்து விடை எழுதும் பகுதி. பாதிப் பிள்ளைகள் கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட தாள்களில் அவள் வழக்கமாகச் சிவப்பு மையில் எழுதுவது ஒரே வரி, 'கேள்வியை முழுமையாகப் படிக்கவும்.' அன்றும் பதினேழு தாள்களில் எழுதினாள். கை தானாக எழுதியது. பதினெட்டாவது தாளுக்குரிய பையன் கேள்வியைப் படித்திருந்தான், உரைப்பகுதியைத்தான் படிக்கவில்லை. அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அரை மதிப்பெண் கூடுதலாகப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தரைத்தளத்துக்கு வந்த பிறகுதான் அம்மாவுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று கிடைத்தது. மாடியில் இருந்தவரை மருத்துவமனைக்குப் போகும் நாளில் மட்டும் இறங்குவாள்.

சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தாள். அம்மா நூலைப் பல்லால் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான்காம் பக்கம், ஏழாம் பத்தி, நிரப்பாத கட்டம்.

அம்மா முப்பது ஆண்டு தையல் வேலை செய்தவள். ஒரு சட்டை தைத்தால் ஒரு சட்டைக்குக் கூலி. தைக்காத நாளில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம், தவணை, கல்வியாண்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்படியென்றால் வேலை செய்யாத இரண்டு மாதத்துக்கும் சேர்த்து முன்னாலேயே கொடுத்துவிட்டார்களா?"

"ஆமாம்."

"நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள்."

"அம்மா!"

"இல்லையடி, எனக்கு எந்த முதலாளி தைக்காத சட்டைக்கு முன்னாலேயே கூலி கொடுத்தான்? அதனால் சொன்னேன்."

மங்கைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நோட்டை எடுத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் வர வேண்டியது மூன்று சம்பளம். 1,80,000. அதை வைத்து ஓட்ட வேண்டியது ஐந்து மாதம், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு அதன் முதல் சம்பளம் வரும்வரை. வகுத்தால் மாதம் 36,000. காப்பீட்டைக் கழித்தால் அதுவும் இல்லை. பழைய பள்ளியில் வாங்கியதைவிடப் பன்னிரண்டாயிரம் குறைவு. அதே பன்னிரண்டாயிரம்! இந்த முறை எதிர்ப்பக்கத்தில் வந்து நின்றது.

"முதலிலிருந்தே மாதம் பத்தாயிரம் எடுத்து வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்" என்றாள்.

"இனிமேல் வை."

"எதிலிருந்து வைப்பது? வாடகை இருக்கிறது, உன் மாத்திரை இருக்கிறது. விடுமுறையில் உனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துவிடலாம், நானும் கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்றுதானே கடனுக்கே போட்டேன். ஆறு லட்சம் என்று சான்றிதழ் கொடுத்தால் நான் கேட்ட தொகையைத் தர மாட்டார்கள். தந்தாலும் அந்த இரண்டு மாதம் தவணை எதிலிருந்து கட்டுவேன்?"

அம்மா பதில் சொல்லவில்லை. சட்டையைத் திருப்பிப் பார்த்தாள், அடுத்த பொத்தானை எடுத்தாள், ஊசியில் நூலைக் கோக்க முயன்றாள். இரண்டு முறை தவறியது. மங்கை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"மாடி வீட்டை இன்னும் யாருக்கும் விடவில்லையாம்" என்றாள் அம்மா, ஊசியைப் பார்த்தபடி.

"யார் சொன்னது?"

"வீட்டுக்காரம்மாதான். போன வாரம் இந்தப் பக்கமாக வந்தாள். பழைய வாடகைக்கே தருவாளாம்."

"பேசாமல் இரு அம்மா."

"இருபத்திரண்டு படி. பத்தாவது படியில் சுவர் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? அங்கே ஒரு முக்காலி போட்டால் உட்கார்ந்து ஏறிவிடலாம்."

மங்கை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்தினாள். போன வாரம் வந்தாள் என்கிறாள். அவளுக்கே இன்று மதியம்தான் தெரியும். அப்படியானால் அம்மா எதற்காக விசாரித்து வைத்தாள்? என்றைக்காவது தேவைப்படும் என்றா? கூலிக்காரியின் புத்தியா?

கேட்கவில்லை. அம்மா பொத்தானை அழுத்தி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டாள். பிறகு மீதி நூலை வெட்டாமல், வழக்கம்போல் ஊசியிலேயே சுற்றி வைத்தாள்.