தன்விவரக் குறிப்பு: சு. நாகராஜன், பொற்கொல்லர் மற்றும் நகை வடிவமைப்பாளர்

சொந்த ஊர்: வடசேரி, நாகர்கோவில்
இப்போது இருப்பது: செல்வபுரம், கோயம்புத்தூர்
பிறந்த ஆண்டு: 1984
விண்ணப்பிக்கும் பணி: மதுரை தெற்காவணி மூல வீதியில் உள்ள தங்கள் கடையின் ஆர்டர் பிரிவில் மூத்த வடிவமைப்பாளர்
கைப்பேசி எண், ஆதார் நகல், வேலைப் படங்கள்: தனித்தாளில் இணைத்துள்ளேன்

என்னைப் பற்றி

படம் வரைபவர் ஒருவர், பட்டறையில் உட்காருபவர் வேறொருவர் என்பதுதான் பல கடைகளின் ஏற்பாடு. எனக்கு இரண்டு வேலையும் தெரியும். பதினாறு வயதில் தாய்மாமாவின் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தேன். கணினியில் வரையக் கற்றது அதற்கு வெகுகாலம் கழித்து. அதனால் வரையும்போதே பொடி எங்கே வைப்பது, சாமணம் உள்ளே போகுமா, மெருகு போடும் தூரிகை எட்டுமா என்று பார்த்துவிடுவேன். திரையில் அழகாகத் தெரியும் ஒரு ஜிமிக்கி காதை இழுக்கும் என்றால், அதை வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுவது என் வழக்கம்.

படிப்பும் பயிற்சியும்

பிளஸ் டூ, நாகர்கோவில். அதன் பிறகு வடசேரியில் தாய்மாமாவிடம் கோயில் நகை வேலை: வெள்ளித் தகட்டில் அடித்தளம், அரக்கு நிரப்புதல், கெம்பு பதித்தல், சுற்றிலும் தங்க ரேக்கு அழுத்துதல். இந்த வேலைக்கு ‘நாகர்கோவில் கோயில் நகை’ என்ற பெயரில் புவிசார் குறியீடு உண்டு. கோவைக்கு வந்த பின் நகை வடிவமைப்பில் ஓராண்டு டிப்ளமோ, ரைனோ மற்றும் மேட்ரிக்ஸ் மென்பொருள் பயிற்சி, ரத்தினக்கல் சோதனையில் குறுகிய காலப் படிப்பு.

பணி அனுபவம்

2015 முதல் இன்று வரை: கோவையில் ஒரு நகைக்கடையின் சொந்தப் பட்டறையில் ஆர்டர் பிரிவுப் பொறுப்பாளர். எனக்குக் கீழே ஆசாரிகள் ஆறு பேர், கல் பதிப்பவர் இருவர், மெருகுக்கு ஒருவர். வாடிக்கையாளரிடம் பேசுவது, வரைவது, எடை மதிப்பீடு, தங்கம் கொடுத்து வாங்கும் கணக்கு, ஹால்மார்க்குக்கு அனுப்பி வாங்குவது எல்லாம் என் பொறுப்பு.

2008 முதல் 2015 வரை: கோவை பெரிய கடை வீதிப் பகுதியில் வைர நகைப் பட்டறை. முதலில் கல் பதிப்பவர், பிறகு மாதிரி செய்பவர். வார்ப்புக்கு முந்திய வெள்ளி மாஸ்டர் துண்டுகள் பெரும்பாலும் என் கையில் ஆனவை.

2000 முதல் 2008 வரை: வடசேரி, தாய்மாமாவின் பட்டறை. இடையில் பள்ளியும் முடித்தேன்.

வடிவமைப்பு வகைகள்

கோயில் நகையும் நாட்டிய நகையும் என் அடித்தளம். தலைசாமான் முழுசெட்: நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, ஜடைநாகம். அதோடு ஒட்டியாணம், வங்கி, மாங்காய் மாலை. ஆடுபவர் இரண்டு மணி நேரம் போட்டிருக்கப் போகும் பொருள் என்பதை மறக்காமல் கொக்கிகளின் இடத்தை முடிவு செய்வேன். ஒட்டியாணத்தை ஒரே தகடாக விடமாட்டேன். மூட்டு வைத்துப் பிரித்தால்தான் அரைமண்டியில் வயிற்றைக் குத்தாது.

கல்யாண நகையில் அட்டிகை, ஆரம், காசு மாலை, முகப்புச் சங்கிலி, தாலிப்பொட்டு. தாலி வடிவம் ஊருக்கும் சமூகத்துக்கும் மாறும். வீட்டுப் பெரியவர்கள் காட்டும் பழைய தாலியை அளந்து வரைந்து, கையெழுத்து வாங்கிய பிறகுதான் தங்கத்தைத் தொடுவேன்.

வைரத்தில் ஏழுகல் தோடு, பேசரி, மோதிரம், நெக்லஸ். பழைய மூடிய கட்டைத் திறந்த கட்டாக மாற்றும் வேலையும் நிறைய செய்திருக்கிறேன். நகாசு வேலை கையால் செய்வேன். கம்பி வேலை தெரியும், ஆனால் வேகம் குறைவு. எனாமல் வேலையை வெளியில் கொடுத்துத்தான் வாங்குவேன்.

லைட்வெயிட் நகை பற்றி ஒரு வார்த்தை. தங்கம் விற்கும் விலைக்கு எல்லாரும் கேட்கிறார்கள், நானும் வரைகிறேன். ஆனால் தினமும் கழுத்தில் கிடக்கும் சங்கிலியை உள்ளே பொள்ளலாகச் செய்து கொடுக்கும் யோசனையை நான் ஆதரிப்பதில்லை. நசுங்கினால் பற்றுவைக்க இடம் இருக்காது. எடையைக் குறைக்க வேண்டுமானால் முகப்பில் குறைக்கலாம், பூட்டிலும் வளையத்திலும் குறைக்கக் கூடாது.

உலோகங்கள்

தங்கம் 22, 18, 14 காரட். வைரத்துக்கு 18 காரட்டையே பரிந்துரைப்பேன், கல்லைப் பிடிக்கும் நகங்கள் தேயாமல் நிற்கும். 22 காரட்டில்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நகத்தைக் கனமாக்கியோ, மூடிய கட்டாகவோ வரைவேன். செம்பு, வெள்ளிக் கலவையை மாற்றி மஞ்சள், ரோஸ் நிறங்கள் எடுப்பேன். வெள்ளைத் தங்கத்துக்கு ரோடியம் பூச்சு வெளியில். வெள்ளியில் 925, கோயில் வேலைக்குத் தகடு அடிப்பது, கவசம். பிளாட்டினம் 950இல் மோதிர வேலை மட்டும் செய்திருக்கிறேன். தங்கம் 1064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். உலையும் மூசையும் தனி என்பதால் எல்லாப் பட்டறையிலும் அது நடக்காது.

கற்கள்

வைரம்: சென்ட் சல்லடைப் பிரிப்பு, நிறம் மற்றும் தெளிவு பொருத்துதல், ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. சான்றிதழை லென்ஸில் கல்லோடு ஒப்பிடுதல். ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைக் கண்ணால் பிரிக்க முடியாது. கருவியில் பார்க்காமல் எந்தக் கல்லையும் பழைய நகையிலிருந்து ஏற்பதில்லை.

நவரத்தினம் ஒன்பதும் பதித்திருக்கிறேன். மாணிக்கம் நடுவில், மற்ற எட்டும் திசை முறைப்படி. சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து மாணிக்கம் என்பவர்களுக்கு ரிஃப்ராக்டோமீட்டரில் காட்டுவேன்: மாணிக்கம் 1.76 அருகே நிற்கும், ஸ்பைனல் 1.72 அருகே. செயற்கை மாணிக்கமும் 1.76தான் காட்டும் என்பதால் அதோடு நிறுத்தாமல் உள்ளே வளைந்த கோடுகளும் குமிழிகளும் உண்டா என்று லென்ஸில் தேடுவேன்.

மரகதம், முத்து, பவளம் மூன்றும் நெருப்பைத் தாங்காது. பற்றுவேலை எல்லாம் முடித்து, அமிலத்தில் கழுவி, மெருகும் போட்ட பிறகே இவை பதிக்கப்படும். எண்ணெய் ஏற்றிய மரகதத்தை அல்ட்ராசோனிக் தொட்டியில் போட என் பிரிவில் யாருக்கும் அனுமதி இல்லை.

ஹால்மார்க்

2021 ஜூன் 16 முதல் கட்டாயம் ஆனது, அதே ஆண்டு ஜூலையில் எச்.யு.ஐ.டி. வந்தது, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த ஆறு இலக்க எண் இல்லாமல் விற்கவே முடியாது என்றானது. இந்த மூன்று மாற்றங்களிலும் பட்டறையின் பதிவேடுகளை மாற்றி அமைத்தவன் நான். இப்போது நகையில் இருக்க வேண்டியவை பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 போன்ற தரக் குறி, எச்.யு.ஐ.டி. ஆகிய மூன்றும். நான்கு முத்திரை போட்ட பழைய நகையைக் கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு அதன் அர்த்தத்தையும் விளக்குவேன். பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் நகையைக் கையில் கொடுப்பேன்.

தரநிலை ஐ.எஸ். 1417. 916 என்றால் 916க்குக் கீழே ஒரு புள்ளிகூட இறங்கக் கூடாது. சோதனை மையத்தில் முதலில் எக்ஸ்.ஆர்.எஃப். பார்ப்பார்கள், பிறகு சுரண்டி எடுத்த மாதிரியை நெருப்பு முறையில் சோதிப்பார்கள். பட்டறைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் பொடியில். பற்று அதிகமான ஜிமிக்கியில் தகடு சரியாக இருந்தும் மொத்தத் தரம் இறங்கும். அதனால் உருக்கும்போதே பொடிக்கு இடம்விட்டு 917 அளவில் வைப்பேன். காட்மியம் கலந்த பொடி என் மேசைக்கு வருவதில்லை. எச்.யு.ஐ.டி. லேசரில் பதிய, மெருகில் அழியாத ஒரு சமதளத்தை வரைபடத்திலேயே ஒதுக்குவேன்.

2 கிராமுக்குக் குறைந்த துண்டுகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வகைக்கும் விலக்கு உண்டு என்பது தெரியும். 2025இல் 9 காரட்டும் ஹால்மார்க்கில் சேர்ந்தது, அந்த ஆண்டு செப்டம்பரில் வெள்ளிக்கும் விருப்ப அடிப்படையில் எச்.யு.ஐ.டி. வந்தது. வடசேரி முறை நகையில் அடித்தளம் வெள்ளி, மேலே தங்க ரேக்கு, உள்ளே அரக்கு. இதைத் தங்க நகை என்று பில் போடக் கூடாது என்பதில் நான் கறார். பில்லில் நிகர எடை தனி, கல் எடை தனி.

முடித்த ஆர்டர்களில் சில

வாடிக்கையாளர் பெயர்களை எழுதுவதில்லை. படங்கள் அவர்கள் சம்மதத்துடன் இணைக்கப்பட்டவை.

*பாட்டியின் கெம்பு அட்டிகை, பேத்திகளுக்கு இரண்டு.* அரக்கையும் கல்லையும் கழற்றி உருக்கியதும் 29.600 கிராம் தங்கம், டச் 89.5. வீட்டில் எல்லாரும் 22 காரட் என்றே நம்பியிருந்தார்கள். உரைகல்லில் ஒருமுறை, எக்ஸ்.ஆர்.எஃப்.பில் ஒருமுறை அவர்கள் முன்னிலையிலேயே காட்டினேன். 916க்கு ஏற்ற 7.400 கிராம் சுத்தத் தங்கம் சேர்க்க வேண்டும். பொடிக்கு இடம்விட்டு 7.600 சேர்த்தேன், மொத்தம் 37.200. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஒப்புதல் வாங்கிய பிறகே மூசையை உலையில் வைத்தேன். பழைய கெம்பில் விளிம்பு உடையாதவற்றை இரண்டு அட்டிகைக்கும் சமமாகப் பிரித்தேன், பதக்கத்தின் நடுக்கல் மட்டும் புதிது. இரண்டும் முதல் சோதனையிலேயே முத்திரை வாங்கின.

*அம்மன் வெள்ளிக் கவசம்.* மூலவரை அர்ச்சகரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. காகித அச்சு எடுப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து, அவர் எடுத்த அச்சிலிருந்து மெழுகு முகம் செய்து, அதன்மேல் தகட்டைத் தட்டினோம். மூக்குப் பகுதிக்குத்தான் அதிக நாள் பிடித்தது. வெள்ளித் தகட்டை அடிக்கடி பழுக்கக் காய்ச்சி இளக்காவிட்டால் அங்கே கீறல் விடும். எடை போட்டது கோயில் அலுவலர்கள் முன்னிலையில்.

*ஏழுகல் வைரத்தோடு.* தாயாரின் மூடிய கட்டுத் தோட்டைத் திறந்த கட்டாக மாற்றும் ஆர்டர். பதினான்கு கற்களில் ஒன்று மட்டும் நிறம் தாழ்ந்தது, மூடிய கட்டில் அது தெரியாமல் இருந்தது. அதற்கு மாற்றுக்கல்லைப் பழைய வெட்டிலேயே தேடிப் பொருத்தினேன். புது பிரில்லியன்ட் வெட்டைப் போட்டிருந்தால் அது மட்டும் துருத்திக்கொண்டு மின்னும். திருகும் சுரையும் பழையவை, அவர் கேட்டுக்கொண்டபடி மாற்றவில்லை.

இவை தவிர அரங்கேற்றத் தலைசாமான் செட்டுகள், தாலி ஆர்டர்கள், பாம்படத்தை உருக்காமல் பதக்கமாக்கியது ஆகியவை படங்களில் உள்ளன.

கருவிகளும் மற்றவையும்

ஊதுகுழல், கேஸ் டார்ச், கம்பிச்சட்டம், உருட்டு இயந்திரம், மைக்ரோமோட்டார், நுண்ணோக்கியில் கல் பதிப்பு, மெழுகு முப்பரிமாண அச்சு, வார்ப்பு மேற்பார்வை. தமிழ், மலையாளம் சரளம். ஆங்கிலத்தில் ஆர்டர் எடுக்கப் போதுமான அளவு. இந்தி பேச்சளவில், பட்டறையில் வங்காளத் தொழிலாளர்களுடன் பழகியதால் வந்தது.

நிபந்தனைகள்

எதிர்பார்க்கும் சம்பளம் மாதம் ரூ. 65,000. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆர்டர் தங்கம் தினமும் மாலை எடை போட்டுக் கையெழுத்துடன் ஒப்படைக்கப்பட வேண்டும், எனக்கும் அதே விதி பொருந்தும். சேதாரம் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வேலை வாரியாக முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. இப்போதைய இடத்தில் ஒரு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் கல்யாண ஆர்டர்களை முடித்துவிட்டுத்தான் வருவேன்.

நேர்காணலோடு கை வேலையும் பார்க்க விரும்பினால், தங்கள் பட்டறையில் உட்கார்ந்து ஒரு துண்டு செய்து காட்டத் தயார். வெள்ளியும் ஒரு மேசையும் போதும், சாமணமும் லென்ஸும் என்னுடையதைக் கொண்டுவருவேன்.

மேலே கூறியவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்.

கோயம்புத்தூர்
சு. நாகராஜன்