சம்பளத்தில வரி நிலுவை வெட்டச் சொல்லி வந்த நோட்டீஸ் பற்றி, தவணையாக் கட்ட அனுமதி கேட்டு

23.02.2026
உப்புவெளி, திருகோணமலை

வணக்கம் மேடம்,

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில இருந்து நீங்க கையெழுத்து வச்சு நான் வேலை செய்யிற ஹோட்டலுக்கு அனுப்பின நோட்டீஸ் போன வியாழக்கிழமை, 19ஆம் திகதி வந்திருக்குது. அடுத்த நாள் எங்கட கணக்காளர் என்னைக் கூப்பிட்டு கொப்பி தந்தவர், நான் அதை மூண்டு நாளா வச்சு வாசிச்சிட்டுத்தான் இதை எழுதுறன். நோட்டீஸ் நம்பரும் என்ட டின் நம்பரும் இணைச்சிருக்கிற கொப்பியில இருக்குது.

நான் விளங்கினதை முதல்ல சொல்லுறன், பிழையெண்டா திருத்துங்கோ. இது மாசா மாசம் வெட்டுற ஏபிஐடி இல்ல, பழைய நிலுவைக்காக 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ, எனக்குக் காசு தரவேண்டிய ஆளிட்ட இருந்து திணைக்களம் நேரடியா எடுக்கிறது. ஹோட்டல் எனக்குச் சம்பளம் தரவேண்டியபடியாத்தான் நோட்டீஸ் அவைக்குப் போயிருக்குது, அவை வெட்டி அனுப்புற காசு என்ட வரிக் கணக்கில வரவு வைக்கப்படும். நோட்டீஸைக் கவனிக்காம விட்டா கொம்பனியும் பொறுப்புச் சொல்லவேணும் எண்டு கணக்காளர் சொன்னவர், அது நியாயம், அவையிட்ட நான் வெட்டவேண்டாம் எண்டு கேக்கேல்ல. கேக்கவேண்டிய இடம் நீங்கதான் எண்டபடியா உங்களுக்கு எழுதுறன்.

தொகையில எனக்கு வழக்கு இல்ல மேடம். 2023/24, 2024/25 ரெண்டு வருசமும் என்ட சம்பளம் மாசம் 140,000, வருசத்துக்கு 1,680,000. மேல் வீட்டை வாடகைக்கு விட்டதில மாசம் 60,000 வந்தது, வருசம் 720,000, அதில 25 வீதம் கழிச்சா 540,000. ரெண்டையும் கூட்டி 1,200,000 விலக்கைக் கழிச்சா 1,020,000க்கு வரி வருது. முதல் 500,000க்கு 6 வீதப்படி 30,000, அடுத்த 500,000க்கு 12 வீதப்படி 60,000, மிச்சம் 20,000க்கு 18 வீதப்படி 3,600, மொத்தம் 93,600. ஹோட்டல் ஏபிஐடியா வெட்டிக் கட்டினது 28,800, ரி-10 சான்றிதழ் ரெண்டும் இணைச்சிருக்கிறன். அப்ப வருசத்துக்கு 64,800, ரெண்டு வருசத்துக்கும் 129,600, நோட்டீஸிலயும் அதுதான் இருக்குது. வட்டி 21,384, தண்டம் 25,920 சேர்த்து 176,904.

ஏன் இவ்வளவு காலம் விட்டன் எண்டு கேப்பீங்க. சம்பளத்தில வரி வெட்டுப்படுது, அதோட கடமை முடிஞ்சுது எண்டு நினைச்சிருந்தன். சம்பளம் மட்டும் வாற ஆளுக்குத்தான் அது சரி, வாடகையும் வந்தா நானே விவரத்திரட்டு குடுக்கவேணும் எண்டு எனக்கு அப்ப தெரியாது, கேட்டுத் தெரிஞ்சிருக்கவேணும். உங்கட முதல் கடிதங்கள் உவர்மலையில நாங்க முந்தி இருந்த வாடகை வீட்டு விலாசத்துக்குப் போயிருக்குது, உப்புவெளிக்கு வந்தபிறகு விலாசத்தை மாத்தாம விட்டதும் என்ட பிழைதான். புது விலாசத்துக்கான உறுதிப்படுத்தல் கடிதத்தை ஜிஎஸ்ஸிட்ட எடுத்து இதோட அனுப்புறன், தயவுசெய்து கணக்கில மாத்திவிடுங்கோ.

இப்ப பிரச்சினை என்னெண்டா, நோட்டீஸில மாசம் எவ்வளவு எண்டு போடேல்ல, எனக்குத் தரவேண்டிய காசில இருந்து 176,904 எண்டுதான் இருக்குது. அதனால 28ஆம் திகதி வரவேண்டிய பெப்ரவரிச் சம்பளம் முழுசையும் அனுப்பத்தான் வேணும் எண்டு கணக்காளர் நினைக்கிறார், மார்ச் சம்பளத்திலயும் மிச்சத்துக்குப் பெரிய வெட்டு விழும். ஈபிஎப் 8 வீதம், 11,200 போக என்ட கைக்கு வாறது 128,800. இப்ப விலக்கு 1,800,000 ஆனபடியா ஏபிஐடி வெட்டுறதில்ல. அந்தக் காசில வீட்டுக் கடன் 38,500 பேங்க் ஒண்டாந் திகதியே எடுத்திடும். அம்மாவின்ட மருந்து 9,500, மகள் இந்த வருசம் ஏஎல் எடுக்கிறா, ரியூசன் 12,000. சாப்பாடு, கரண்ட், தண்ணி எல்லாமாச் சேர்த்து 45,000, பெட்ரோல் 8,000. கூட்டினா 113,000, மிஞ்சுறது 15,800. வாடகைக்கு இருந்த குடும்பமும் டிசம்பரோட போயிட்டுது, இன்னும் ஆள் வரேல்ல. ரெண்டு மாசம் இப்பிடி வெட்டுப்பட்டா முதல்ல வீட்டுக் கடன்தான் நிக்கும், அது நிண்டா அதுக்கு வேற வட்டி ஏறும், பிறகு உங்களுக்குக் கட்டுறதும் நிக்கும். பேங்க் ஸ்டேட்மென்ட் மூண்டு மாசத்துக்கும், கடன் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாம் இணைச்சிருக்கிறன், ஒண்டையும் மறைக்கேல்ல.

அதனால நான் கேக்கிறது இதுதான். நகை அடகு வச்சு 40,000 கையில வச்சிருக்கிறன், நீங்க சம்மதிச்ச அண்டைக்கே திருகோணமலை பேங்க் ஒப் சிலோன்ல கட்டி ஸ்லிப்பை அனுப்புவன். மிச்சம் 136,904. மார்ச்சில இருந்து ஒக்டோபர் வரைக்கும் எட்டு மாசம் சம்பளத்தில 15,000 படி ஹோட்டலே வெட்டி அனுப்பட்டும், அது 120,000, நவம்பரில கடைசியா 16,904. இதுக்கிடையில ஏறுற வட்டியை நீங்க கணக்குப் பாத்துச் சொன்னா டிசம்பர்ச் சம்பளத்தில அதையும் வெட்டலாம். மாசம் 1.5 வீதம் ஓடுது எண்டு தெரியும், அதுக்காகவே நாள் இழுக்க எனக்கும் விருப்பமில்ல. திருகோணமலையில சீசன் மே மாசம் தொடங்கினா சேர்விஸ் சார்ஜ் கொஞ்சம் கூடும், வாற மேலதிகக் காசை நானே கட்டி தவணையைச் சுருக்குவன், ஆனா வராத காசை இப்பவே வாக்குக் குடுக்க மனம் வரேல்ல, அதனாலதான் 15,000 எண்டு நிக்கிறன்.

2025/26க்கும் டிசம்பர் வரை வாங்கின வாடகை இருக்குது, ஒன்பது மாசம் 540,000, கழிவு போக 405,000. சம்பளத்தோட கூட்டி 1,800,000 கழிச்சா 285,000, 6 வீதப்படி 17,100 வரும். காலாண்டுத் தவணைகளைத் தவறவிட்டிட்டன், மே 15க்கு முதல் முழுசாக் கட்டி, நவம்பர் 30க்கு முதல் விவரத்திரட்டும் குடுப்பன். புது நிலுவை ஒண்டு உண்டாக விடமாட்டன்.

நீங்க சம்மதிச்சா எனக்கு மட்டும் பதில் அனுப்பாம, மாசம் 15,000தான் வெட்டவேணும் எண்டு ஹோட்டலுக்கும் எழுத்தில அனுப்புங்கோ மேடம். நான் வாயால சொன்னதை வச்சு கணக்காளர் ஒண்டும் செய்யமாட்டார், செய்யவும் கூடாது. பழைய நோட்டீஸை அப்பிடியே வச்சுக்கொண்டு தொகையை மட்டும் மாத்தினாலும் எனக்குச் சரி. ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகைக்கும் திரும்ப நோட்டீஸ் குடுக்க எனக்கு ஆட்சேபனை இல்ல, அதை இதிலயே எழுதிக் கையெழுத்து வைக்கிறன். தண்டத்தைக் குறைக்க வழியிருந்தா பரிசீலிக்கச் சொல்லிக் கேக்கிறன், இல்லாட்டியும் மேல சொன்ன தவணையில மாற்றமில்ல.

28ஆம் திகதி சனிக்கிழமை, ஹோட்டல் வெள்ளிக்கிழமையே சம்பளம் போடும். அதுக்கு முதல் ஒரு வரி பதில் வந்தாலும் போதும், முடிவு எடுக்க நாள் வேணுமெண்டா அதுவரைக்கும் பெப்ரவரிச் சம்பளத்தில 15,000க்கு மேல வெட்டவேண்டாம் எண்டு அவைக்கு ஒரு ஈமெயில் அனுப்பிவிடுங்கோ, அப்பிடி வெட்டினா அதையே முதல் தவணையா எடுக்கலாம். நேரில வரச்சொன்னா ராத்திரி பஸ் எடுத்து காலையில கொழும்பில நிப்பன், ஒரிஜினல் எல்லாத்தையும் கொண்டு வருவன். 40,000 கட்டேக்க ஸ்லிப்பில எந்த வருசத்தைப் போடவேணும் எண்டதையும் சொல்லுங்கோ, பிழையான வருசத்துக்குப் போய் நிக்கக்கூடாது.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
சிவராணி
உப்புவெளி, திருகோணமலை

இணைப்பு: நோட்டீஸ் கொப்பி, ரி-10 சான்றிதழ் 2, சம்பளச் சீட்டு 3, பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுக் கடன் கடிதம், ஜிஎஸ் கடிதம்