வீட்டுக் கடன் அகராதி: முதல்முறை வங்கிப் படி ஏறுகிறவர்களுக்கு

அட்டை 1
"மாசம் 26,000 கட்ட முடியுமா சார்?"

கடன் மேஜையில் உட்கார்ந்ததும் வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான். கட்ட முடியும் என்று தலையாட்டினால் அடுத்த அரைமணி நேரம் கையெழுத்துதான். அதற்கு முன் அங்கே புழங்கும் சொற்களுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம்.

கடைசி வரை ஒரே கணக்கு: செங்கல்பட்டுப் பக்கம் 40 லட்சத்துக்கு ஒரு தனி வீடு. கடன் 30 லட்சம். வட்டி 8.5 சதவீதம். 20 வருடம்.

அட்டை 2: அசல்
நீங்கள் வாங்கிய 30 லட்சம். வங்கிக்காரர் "பிரின்சிபல்" என்பார். அசல் குறைந்தால்தான் கடன் குறைந்ததாக அர்த்தம். மாதாமாதம் பணம் கட்டுவதும் கடன் குறைவதும் ஒன்றல்ல. ஏன் என்று அடுத்த இரண்டு அட்டைகளில் தெரியும்.

அட்டை 3: வட்டி விகிதம்
8.5 சதவீதம் என்பது ஒரு வருடத்துக்கு. பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி போடுவார்கள். "ரெட்யூசிங் பேலன்ஸ்" என்பது அதுதான்.

முதல் மாதம் பாக்கி 30 லட்சம். வருட வட்டி 2,55,000. பன்னிரண்டால் வகுத்தால் 21,250 ரூபாய்.

நம் ஊரில் "நூத்துக்கு ஒரு ரூவா வட்டி" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு: அது மாத வட்டி, வருடத்துக்கு 12 சதவீதம். இந்த 8.5 அந்தப் பேச்சில் சுமார் எழுபது பைசா வட்டி.

யாராவது "ஃபிளாட் ரேட்" என்று சொன்னால் உஷாராகுங்கள். அதில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. எண் சின்னதாகத் தெரியும், கட்டுவது அதிகமாக இருக்கும்.

அட்டை 4: இஎம்ஐ
மாதத் தவணை. நம் கணக்கில் 26,035 ரூபாய்.

முதல் தவணையைப் பிரித்துப் பாருங்கள்:
வட்டிக்கு 21,250
அசலுக்கு 4,785

இருபத்தாறாயிரம் கட்டிய மாதத்தில் கடன் குறைந்தது ஐயாயிரம்கூட இல்லை. மாதம் போகப் போக வட்டிப் பங்கு குறைந்து அசல் பங்கு ஏறும். ஆனால் மெதுவாகத்தான். 30 லட்சம் 15 லட்சமாகப் பாதியாவதற்குக் கிட்டத்தட்ட 14 வருடம் ஆகும். 20 வருடக் கடனில் பத்தாவது வருடம் பாதி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு பாக்கிக் கணக்கைக் கேட்டு, கவுன்ட்டரிலேயே அதிர்ந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்டை 5: டெனியூர்
கடனைக் கட்டி முடிக்கும் காலம். இந்த அட்டையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வட்டியில் கால் சதவீதம் குறைக்க நாலு வங்கி ஏறி இறங்குகிறவர்கள்கூட, இதை ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

அதே 30 லட்சம், அதே 8.5 சதவீதம்:

15 வருடம்: தவணை 29,542. மொத்த வட்டி சுமார் 23.18 லட்சம்
20 வருடம்: தவணை 26,035. மொத்த வட்டி சுமார் 32.48 லட்சம்
30 வருடம்: தவணை 23,067. மொத்த வட்டி சுமார் 53.04 லட்சம்

20ஐ 30 ஆக்கினால் மாதம் மிச்சமாவது 2,968 ரூபாய். அதற்காகக் கூடுதலாகப் போவது இருபது லட்சத்துக்கு மேல்.

என் மச்சான் 30 வருடம்தான் வேண்டும் என்று நின்றான். "மாசம் மூவாயிரம் மிச்சம் மாமா, பசங்க ஸ்கூல் வேன் காசு" என்றான். தப்பு என்று சொல்ல மாட்டேன். கையில் மாதம் என்ன நிற்கிறது என்பதும் முக்கியம்தான். நான் சொன்னது ஒன்றுதான்: நீண்ட காலத்தை எடுத்துக்கொள், ஆனால் சம்பளம் ஏறும்போதெல்லாம் தவணையையும் ஏற்று. எழுதிக் கொடுத்தால் வங்கியில் செய்து தருவார்கள்.

அட்டை 6: ஃபிக்ஸட், ஃபுளோட்டிங், ரெப்போ
ஃபிக்ஸட் என்றால் வட்டி மாறாது. ஆனால் எத்தனை வருடத்துக்கு மாறாது என்று கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் மட்டும் நிலையாக வைத்துவிட்டு அப்புறம் மாற்றுகிற திட்டங்களும் உண்டு.

ஃபுளோட்டிங் என்றால் ஏறும், இறங்கும். இன்று வீட்டுக் கடனில் பெரும்பாலும் இதுதான்.

எதைப் பார்த்து ஏறும்? ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ என்று பெயர். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் ஃபுளோட்டிங் வீட்டுக் கடன்களை ரெப்போ மாதிரியான ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்ளலாம். அதனால் வட்டி இறங்கும் காலத்தில் அது உங்களுக்கு வந்து சேர்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அட்டை 7: வட்டி ஏறினால் என்ன நடக்கும்?
2022 மே மாதத் தொடக்கத்தில் ரெப்போ 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5.

அந்த மே மாதத்துக்குச் சற்று முன் 7 சதவீதத்தில் 20 வருடத்துக்கு 30 லட்சம் வாங்கிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தவணை 23,259. வட்டி 9.5 ஆனபோது 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 23,750. தவணையை மாற்றாமல் விட்டால் அது வட்டிக்கே போதாது. கடன் குறைவதற்குப் பதில் வளரும்.

பல இடங்களில் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினார்கள். தவணை மாறாததால் நிறையப் பேருக்கு விஷயமே தெரியவில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டது: வட்டி ஏறும்போது வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கேட்க வேண்டும். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

அட்டை 8: ஸ்பிரெட், சிபில்
உங்கள் வட்டி = ரெப்போ + ஸ்பிரெட். ஸ்பிரெட் என்பது வங்கி தன் பங்குக்குச் சேர்ப்பது. இதில்தான் பேரம் பேச இடம் உண்டு.

சிபில் என்பது பழைய கடன்களை நீங்கள் எப்படிக் கட்டினீர்கள் என்பதை வைத்துப் போடும் மதிப்பெண். 300 முதல் 900 வரை. மதிப்பெண் நன்றாக இருந்தால் ஸ்பிரெட் குறையும். மனைவி பெயரில் அல்லது மனைவியையும் சேர்த்து வாங்கினால் சில வங்கிகளில் சின்னத் தள்ளுபடி உண்டு. கேட்டுப் பாருங்கள்.

அட்டை 9: பிராசஸிங் ஃபீஸ்
உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கூலி. பரவலாகக் கடன் தொகையில் கால் சதவீதம் முதல் ஒரு சதவீதம் வரை. நம் கணக்கில் அரை சதவீதம் என்று வைத்தால் 15,000. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,700. ஆக 17,700 ரூபாய்.

கேட்க வேண்டியவை: கடன் கிடைக்காவிட்டால் இது திரும்ப வருமா? பெரும்பாலும் வராது. "லாகின் ஃபீஸ்" என்று முதலில் வாங்குவதை இதில் கழிப்பார்களா? வக்கீல் கட்டணமும் மதிப்பீட்டாளர் கட்டணமும் இதற்குள் அடங்குமா, தனியா?

தீபாவளி சமயத்தில் "பிராசஸிங் ஃபீஸ் இல்லை" என்று விளம்பரம் வரும். நல்லதுதான். ஆனால் அதற்காக 0.1 சதவீதம் கூடுதல் வட்டிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 வருடக் கணக்கில் அது கட்டணத்தைத் தின்றுவிடும்.

அட்டை 10: மார்ஜின்
வீட்டு விலையில் உங்கள் கைக்காசு. ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு இது: 30 லட்சம் வரையிலான கடன் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. எல்லோருக்கும் உச்சம் வரை தர வேண்டும் என்று வங்கிக்குக் கட்டாயம் இல்லை.

பலர் கோட்டை விடும் இடம்: பத்திரச் செலவு பொதுவாக இந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சத்துக்குப் பதிந்தால் 3,60,000. ஆக கையில் வேண்டியது 10 லட்சம் அல்ல, பதின்மூன்றரை லட்சத்துக்கு மேல்.

அட்டை 11: சாங்ஷன், டிஸ்பர்ஸ்மென்ட், பிரீ-இஎம்ஐ
சாங்ஷன்: கடன் தருகிறோம் என்ற கடிதம். பணம் இன்னும் வரவில்லை.
டிஸ்பர்ஸ்மென்ட்: பணம் கைமாறும் நாள். வட்டி ஓடத் தொடங்குவது அன்றுதான்.
பிரீ-இஎம்ஐ: கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் பகுதி பகுதியாகப் போகும்போது, போன தொகைக்கு வட்டி மட்டும் கட்டுவது. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பில்டர் இழுத்தடித்தால் இந்தக் கட்டமும் இழுக்கும்.

அட்டை 12: எம்ஓடி
மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை கடனில் அரை சதவீதம், உச்சம் 30,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சம் 6,000. நம் கணக்குக்கு 15,000 + 6,000 = 21,000. பிராசஸிங் ஃபீஸைவிட இது அதிகம், ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அட்டை 13: லோன் இன்சூரன்ஸ்
"எல்லாரும் எடுக்கிறாங்க சார்" என்று கடனோடு சேர்த்துவிடுவார்கள். பிரீமியமும் கடனாகி, அதற்கும் வட்டி ஓடும். கட்டாயம் இல்லை. குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவைதான், அதைத் தனி டெர்ம் பாலிசியாக விலை விசாரித்து எடுங்கள்.

அட்டை 14: பார்ட் பேமென்ட்
இடையில் மொத்தமாக ஒரு தொகை கட்டுவது. தனிநபரின் ஃபுளோட்டிங் வீட்டுக் கடனுக்கு இதற்காக அபராதம் வாங்கக் கூடாது.

தொடக்கத்திலேயே 1 லட்சம் கூடுதலாகக் கட்டி, தவணையை அப்படியே வைத்தால், கடைசியில் சுமார் 19 மாதத் தவணை குறைகிறது. கட்டும்போது "தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள்.

அட்டை 15: கேஎஃப்எஸ்
கடனின் முக்கிய விவரத் தாள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய கடன்களுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். வட்டி, கட்டணங்கள், தவணை அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட வருட விகிதம் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட விளம்பர வட்டியை விட்டுவிட்டு ஏபிஆரைப் பாருங்கள். இந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்க முடியாது.

அட்டை 16: கடன் முடிந்த பிறகு
முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி.

பத்திரம் வந்தால் போதாது. எம்ஓடி முடிந்ததற்கான ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். எங்கள் அப்பா 2019இல் கடனை அடைத்து, பத்திரத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். 2023இல் வீட்டை விற்கப் போனபோது வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நின்றது. கடன் கொடுத்த கிளை வேறொரு கிளையோடு இணைந்திருந்தது, பழைய கோப்பு எங்கே என்று தெரியவில்லை. ரசீது பதிந்து முடிக்க மூன்று மாதம் ஆனது. முன்பணம் கொடுத்திருந்தவர் இரண்டாவது மாதமே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வீடு பார்த்துவிட்டார்.