வாராந்திரக் குழுக் கூட்டம் இனி செவ்வாய் மதியம் 2:30 மணிக்கு

டிசம்பர் 15, 2025

பேமென்ட்ஸ் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை மாலையில் நடந்துவரும் நம் வாராந்திரக் கூட்டம் 2026 ஜனவரி 6 முதல் செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் 2:30 முதல் 3:30 வரை நடக்கும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டுத் திரும்புகிற ஏற்பாடு இல்லை, நிரந்தர மாற்றம். சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு மூன்றாம் மாடிப் பெரிய அறை. வீட்டிலிருந்தும் லண்டனிலிருந்தும் சேர்பவர்களுக்கு அதே பழைய லிங்க்.

இத்தனை நாள் இருந்த நேரம் லண்டன் கடிகாரத்தை வைத்துப் போட்டது. அங்கே பிற்பகல் 2 மணி. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால், அந்த மாதங்களில் நமக்கு மாலை 6:30. மற்ற ஐந்து மாதமும் 7:30. நம் கடிகாரம் மாறுவதே இல்லை. அதனால் குளிர்காலம் முழுக்க வெள்ளி இரவு 8:30 வரை நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

அதன் விலை என்ன என்பதைக் கடந்த இரண்டு வாரமாக ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசியபோதுதான் முழுதாகப் புரிந்தது. அலுவலகத்தின் கடைசி பஸ் 7:15-க்குக் கிளம்பிவிடுகிறது. மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போகிறவர்கள் கேப் கிடைக்கக் காத்திருந்து வீடு சேர 10 மணி தாண்டுகிறது. குழந்தை தூங்கிய பிறகுதான் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னார். போன நோன்பு மாதத்தில் நம்மில் இருவர் வெள்ளிதோறும் தராவீஹ் தொழுகைக்குப் போக முடியாமல் கூட்டத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானாகக் கேட்டிருக்க வேண்டும். அதற்காக இருவரிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்கிறேன்.

வேலை தொடர்பான காரணமும் இதே அளவு முக்கியம். நம் ரிலீஸ் புதன்கிழமை. வெள்ளி இரவு எடுக்கும் முடிவு இரண்டு நாள் விடுமுறையைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. நவம்பரில் நடந்தது நினைவிருக்கும். ரீஃபண்ட் ஒருமுறை தோற்று மறுபடி அனுப்பும்போது, முதலில் அனுப்பியது உண்மையிலேயே போய்விட்டதா என்று சரிபார்க்கும் கோடைச் சேர்க்க வேண்டும் என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டோம். யார் செய்வது என்று பேசும்போது மணி 8:25. திங்கட்கிழமை ஆளுக்கு ஆள் மற்றவர் செய்கிறார் என்று இருந்துவிட்டோம். அது இல்லாமலே ரிலீஸ் போய், 14 வாடிக்கையாளர்களுக்குப் பணம் இரண்டு முறை போனது. இதில் தனியாக யார் மேலும் தவறில்லை. களைத்துப்போன நேரத்தில், ரிலீஸிலிருந்து இவ்வளவு தள்ளி முடிவெடுத்தால் அப்படித்தான் ஆகும். செவ்வாய் மதியம் பேசினால், மறுநாள் எது போகிறது, எது நிற்கிறது என்பது அன்று மாலைக்குள் தெளிவாகிவிடும்.

வேறு நேரங்களையும் பார்த்தோம். காலை 10 மணி நமக்கு வசதி, ஆனால் லண்டனில் அப்போது விடியற்காலை 4:30. திங்கட்கிழமை சனி, ஞாயிறு செட்டில்மென்ட் கணக்குகளைச் சரிபார்ப்பதிலேயே போய்விடுகிறது. 2:30 என்றால் லண்டனுக்கு இப்போது காலை 9 மணி, மார்ச் 29-க்குப் பிறகு 10 மணி. குளிர்காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் லண்டன் நண்பர் முதல் பத்து நிமிடம் போனில் சேர்வார். அவர் பேச வேண்டியதை 2:45-க்குப் பிறகு வைத்துக்கொள்வோம். இனி கடிகாரம் மாறும்போது அனுசரிப்பது தங்கள் பக்கம் இருக்கட்டும் என்று லண்டன் நண்பர்கள் இருவரும் தாங்களே முன்வந்து சொன்னார்கள். அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

காலண்டரில் புதிய அழைப்பு இன்று மாலைக்குள் வரும். அதன் நேர மண்டலம் `Asia/Kolkata` என்று இருக்கும். பழைய அழைப்பை நானே நீக்கிவிடுகிறேன், நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். டெஸ்டிங் குழுவின் செவ்வாய் 3 மணிக் கூட்டத்தை 4 மணிக்கு மாற்றித் தர அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். வேறு யாருக்காவது அந்த நேரத்தில் தவிர்க்க முடியாத வேலை இருந்தால், டிசம்பர் 22-க்குள் என்னிடம் சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

அப்புறம், இந்த வெள்ளி, டிசம்பர் 19 அன்று கூட்டம் வழக்கம்போல 7:30-க்கு உண்டு. அரை மணி நேரத்தில் முடித்துவிடுவோம். 26 அன்று லண்டனில் விடுமுறை, ஜனவரி 2 அன்று நம்மில் பாதிப் பேர் ஊரில் இருப்பார்கள், அதனால் இரண்டு நாளும் கூட்டம் இல்லை. இடையில் அவசரமானது எதுவும் வந்தால் குழு சாட்டில் எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
குழு மேலாளர், பேமென்ட்ஸ்