கூட்டாண்மைக் கணக்குகள்: திருப்புதல் பயிற்சித் தாள்

பன்னிரண்டாம் வகுப்பு, கணக்குப்பதிவியல்

பிள்ளைகளே, இந்தத் தாளில் ஐந்து கணக்குகள் இருக்கின்றன. மூன்றாவதைத்தான் நீளமாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் மற்ற நான்கில் வருவதில் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. பேனாவை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கணக்கிலும் இரண்டை மட்டும் கேளுங்கள். ஒப்பாவணம் இருக்கிறதா? முதல் நிலையானதா, மாறுபடுவதா? விடைகள் கடைசியில் உள்ளன. போட்டு முடித்த பிறகு பாருங்கள்.

கணக்கு 1. ராணியும் பாத்திமாவும் தையற்கடை நடத்துகிறார்கள். முதல் முறையே ரூ.3,00,000, ரூ.1,00,000. ஒப்பாவணம் எழுதவில்லை. 1.10.2023 அன்று ராணி கடைக்கு ரூ.50,000 கடன் கொடுத்தார். 31.3.2024 அன்று முடியும் ஆண்டில், கடன் வட்டிக்கு முன் இலாபம் ரூ.1,21,500. முதல்மீது 10% வட்டியும், முதல் விகிதத்தில் இலாபமும் வேண்டும் என்கிறார் ராணி. கடையைப் பார்த்துக்கொள்வது தான் என்பதால் மாதம் ரூ.5,000 ஊதியம் கேட்கிறார் பாத்திமா. தீர்த்து வைக்கவும்.

இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 இதற்கு வழி சொல்கிறது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல்மீது வட்டி கிடையாது, ஊதியம் கிடையாது, இலாபம் சரிபாதி. கூட்டாளி கொடுத்த கடனுக்கு மட்டும் ஆண்டுக்கு 6% வட்டி உண்டு. அந்த வட்டி இலாப நட்டக் கணக்கில் செலவாக வரும். பகிர்வுக் கணக்குக்குக் கொண்டுவராதீர்கள். கடன் என்றால் கூட்டாளியும் வெளியாள் மாதிரிதான். நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் பாத்திமாவுக்கு ஒன்றுமே இல்லையா என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

கணக்கு 2. குமரன் 1.6.2023 அன்று ரூ.10,000, 1.9.2023 அன்று ரூ.15,000, 1.1.2024 அன்று ரூ.20,000 எடுத்தார். வட்டி 12%. கணக்கு முடிக்கும் நாள் 31.3.2024. பெருக்குத்தொகை முறையில் எடுப்புகள்மீது வட்டி காண்க.

கணக்கு 3. செல்வமும் மரியமும் 1.4.2023 அன்று முறையே ரூ.4,00,000, ரூ.3,00,000 போட்டு அரிசி ஆலை தொடங்கினர். இலாபப் பகிர்வு 3:2. செல்வம் 1.10.2023 அன்று மேலும் ரூ.1,00,000 முதல் கொண்டுவந்தார். ஒப்பாவணப்படி முதல்மீது வட்டி 6%, எடுப்புகள்மீது வட்டி 10%, மரியத்துக்கு மாதம் ரூ.5,000 ஊதியம், செல்வத்துக்கு ஆண்டுக் கழிவு ரூ.15,000. செல்வம் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் ரூ.4,000 எடுத்தார், மரியம் ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் ரூ.9,000 எடுத்தார். 31.3.2024 அன்று நிகர இலாபம், மேற்சொன்னவற்றுக்கு முன், ரூ.2,16,050. பகிர்வுக் கணக்கும், நிலை முதல் முறையிலும் மாறுபடும் முதல் முறையிலும் கூட்டாளிகளின் கணக்குகளும் தயாரிக்கவும்.

முதலில் எடுப்பு வட்டி. போன தேர்வில் நிறையப் பேர் 48,000-க்கு முழு ஆண்டு வட்டி போட்டிருந்தீர்கள். ஏப்ரல் 1-இல் எடுத்த 4,000 பன்னிரண்டு மாதம் வெளியே இருந்தது. மார்ச் 1-இல் எடுத்ததோ ஒரே மாதம். (12+1)/2 = 6½ மாதம், இதுதான் சராசரி. காலாண்டு முடிவில் எடுத்தால் முதல் தொகைக்கு 9 மாதம், மார்ச் 31-இல் எடுத்ததற்கு 0. (9+0)/2 = 4½. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் தவணைக்கு எத்தனை மாதம், கடைசித் தவணைக்கு எத்தனை மாதம் என்று பார்த்தால் போதும்.

```
செல்வம்: 48,000 × 10/100 × 6.5/12 = 2,600
மரியம்:  36,000 × 10/100 × 4.5/12 = 1,350
```

செல்வத்தின் முதல்மீது வட்டி 24,000-உடன், புதிதாக வந்த ஒரு இலட்சத்துக்கு ஆறு மாத வட்டி 3,000 சேர்ந்து 27,000. மரியத்துக்கு 18,000.

இலாப நட்டப் பகிர்வு க/கு (31.3.2024 அன்று முடியும் ஆண்டு)

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| முதல்மீது வட்டி: செல்வம் | 27,000 | நிகர இலாபம் | 2,16,050 |
| முதல்மீது வட்டி: மரியம் | 18,000 | எடுப்பு வட்டி: செல்வம் | 2,600 |
| ஊதியம்: மரியம் | 60,000 | எடுப்பு வட்டி: மரியம் | 1,350 |
| கழிவு: செல்வம் | 15,000 | | |
| இலாபப் பங்கு: செல்வம் | 60,000 | | |
| இலாபப் பங்கு: மரியம் | 40,000 | | |
| | 2,20,000 | | 2,20,000 |

நிலை முதல் முறையில் முதல் கணக்கில் கொண்டுவந்த முதலையும், நிரந்தரமாகத் திரும்ப எடுத்த முதலையும் தவிர எதுவும் நுழையாது. செல்வம் 5,00,000, மரியம் 3,00,000. மற்றதெல்லாம் நடப்புக் கணக்குக்குப் போகும். செல்வத்தின் வரவு 1,02,000, பற்று 50,600, வரவிருப்பு 51,400. மரியத்தின் வரவு 1,18,000, பற்று 37,350, வரவிருப்பு 80,650. மாறுபடும் முறையில் எல்லாமே ஒரே கணக்கில் இருப்பதால் செல்வம் 5,51,400, மரியம் 3,80,650.

கூட்டினால் இரண்டு முறையிலும் ஒரே தொகைதான். அப்படியானால் எதற்கு இரண்டு முறை என்று தோன்றும். அடுத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு 4. அதே ஆலை, 2024–25. புதிதாக முதல் எதுவும் கொண்டுவரவில்லை, முதலிலிருந்து எடுக்கவும் இல்லை. நடப்புக் கணக்குக்கு வட்டி கிடையாது. எல்லா வட்டிக்கும் போதிய இலாபம் இருக்கிறது. (அ) இரண்டு முறையிலும் முதல்மீது வட்டி காண்க. (ஆ) எந்த முறை செல்வத்துக்கு ஆதாயம், எவ்வளவு?

(ஆ) பகுதியில் அவசரப்பட வேண்டாம். மாறுபடும் முறையில் செல்வத்துக்கு வட்டி கூடுகிறது, அதனால் அவருக்கு ஆதாயம் என்று எழுதிவிடுவீர்கள். அந்தக் கூடுதல் வட்டி யார் பையிலிருந்து வருகிறது? பகிர வேண்டிய இலாபத்திலிருந்து. அந்த இலாபத்தில் ஐந்தில் மூன்று பங்கு செல்வத்துடையது. கணக்குப்பதிவியல் வெறும் கூட்டல் கழித்தல் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒப்பாவணத்தில் ‘நிலை’ என்று ஒரு சொல் எழுதினார்களா இல்லையா என்பதில் இரண்டு குடும்பங்களின் வருமானம் மாறுகிறது.

கணக்கு 5. (அ) மீனாவின் முதல் 31.3.2024 அன்று ரூ.2,40,000. அந்த ஆண்டு இலாபப் பங்கு ரூ.50,000, எடுப்புகள் ரூ.30,000. முதல்மீது வட்டி 5%, இன்னும் பதியவில்லை. மாறுபடும் முறையிலும் நிலை முறையிலும் வட்டி எவ்வளவு? (ஆ) முதல் ரூ.5,00,000, ரூ.3,00,000, வட்டி 8%, இலாபம் ரூ.48,000 மட்டுமே. வட்டியை இலாபத்திலிருந்து மட்டும் கொடுக்கலாம் என்பது ஒப்பாவணம். எப்படிப் பிரிப்பது? நட்டமாக இருந்தால்?

விடைகள்

1. கடன் வட்டி ரூ.1,500, இலாபம் ஆளுக்கு ரூ.60,000.

2. பெருக்குத்தொகை 1,00,000 + 1,05,000 + 60,000 = 2,65,000. ஒரு மாத வட்டி ரூ.2,650.

4. (அ) நிலை முறை: 30,000, 18,000. மாறுபடும் முறை: 33,084, 22,839. மொத்தக் கூடுதல் 7,923. (ஆ) மாறுபடும் முறையில் செல்வத்துக்கு வட்டி ரூ.3,084 கூடும், இலாபப் பங்கு ரூ.4,753.80 குறையும். ஆகவே நிலை முறையே அவருக்கு ரூ.1,669.80 ஆதாயம். மரியத்துக்கு அதே தொகை மாறுபடும் முறையில் ஆதாயம்.

5. (அ) மாறுபடும் முறை: தொடக்க முதல் 2,40,000 − 50,000 + 30,000 = 2,20,000; வட்டி ரூ.11,000. நிலை முறை: ரூ.12,000. (ஆ) தேவை 40,000 + 24,000 = 64,000; இருப்பது 48,000. 5:3 விகிதத்தில் ரூ.30,000, ரூ.18,000. பகிர இலாபம் மிச்சமில்லை. நட்டமானால் முதல்மீது வட்டியே கிடையாது.

நான்காவது கணக்கின் (ஆ) பகுதி வராதவர்கள் திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு முன் வந்து என்னைப் பாருங்கள். உட்கார்ந்து ஒரு தடவை சேர்ந்து போடுவோம்.