ஒரே ஒரு ஐகன் காவி கிடைத்தால்: ஞாயிறு வகுப்புக் கணக்கின் முழுத் தீர்வு

```
x' =  x −  y
y' = 4x − 3y
x(0) = 2,  y(0) = 1
```

தீர்வைக் காண்க. அவத்தைத் தளத்தில் பாதைகளைப் பருமட்டாக வரைக.

போன ஞாயிறு ஹட்டன் வகுப்பில் ஆறு பேரில் நான்கு பேர் இந்தக் கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிட்டீர்கள். நான் விளக்கத் தொடங்கியதும் மழை, அப்புறம் கரண்டும் போய்விட்டது. பலகையில் பாதியில் விட்டதை இங்கே முழுவதுமாக எழுதியிருக்கிறேன். உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொற்களையே பயன்படுத்துகிறேன். பேராதனையில் ஆங்கிலத்தில் எழுதும்போது சொல்தான் மாறும், கணக்கு மாறாது.

முதல் படியில் யாருக்கும் பிரச்சினை இல்லை. தாயம் A-இன் மூலைவிட்டக் கூட்டுத்தொகை 1 − 3 = −2. துணிகோவை −3 + 4 = 1. ஆகவே

```
λ² + 2λ + 1 = (λ + 1)² = 0,   λ = −1, −1
```

அடுத்தது ஐகன் காவி. A + I என்பதை N என்று வைத்துக்கொள்வோம். பிறகும் அடிக்கடி தேவைப்படும்.

```
N = A + I = |  2  −1 |
            |  4  −2 |
```

இரண்டாவது நிரை முதலாவதின் இரட்டிப்பு. எனவே மிஞ்சுவது 2a − b = 0 என்ற ஒரே நிபந்தனை. v = (1, 2) என்று எடுக்கலாம். அதன் மடங்குகளைத் தவிர வேறு ஐகன் காவி கிடையாது. நான்கு பேரும் நின்ற இடம் இதுதான். பரிமாணம் இரண்டு என்றால் சாராத தீர்வுகளும் இரண்டு வேண்டும். கையில் இருப்பதோ e^(−t) v ஒன்று மட்டும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரட்டை மூலம் வந்தாலே காவி குறையும் என்று நினைத்துவிடாதீர்கள். A = −I என்றாலும் λ = −1 இரண்டு தடவை வரும். ஆனால் அங்கே எல்லாக் காவியும் ஐகன் காவிதான். பாதைகள் எல்லாம் உற்பத்தியை நோக்கி நேர்கோட்டில் ஓடும். N பூச்சியத் தாயமா இல்லையா என்பதுதான் கேள்வி. 2 × 2 தாயத்தில் இரட்டை மூலம் வந்து N பூச்சியமாக இல்லாவிட்டால் ஐகன் காவித் திசை ஒன்றுதான்.

சரி, இரண்டாவது தீர்வு எங்கே? ஒரு மாறியில் y'' + 2y' + y = 0 செய்தபோது t-யால் பெருக்கினோமே, அதே மாதிரி t e^(−t) v என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். யோசனை நல்லது, ஆனால் பொருத்திப் பார்க்கவில்லை. வகையிட்டால் e^(−t) v − t e^(−t) v வரும். A-யால் பெருக்கினால் −t e^(−t) v மட்டும்தான். இடப்பக்கம் e^(−t) v கூடுதலாக நிற்கிறது. அந்த மிச்சத்தை எதையாவது சேர்த்து அடைக்க வேண்டும். e^(−t) w என்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள். சமன்பாடு பொருந்துவதற்கு ஒரே நிபந்தனை போதும்:

```
N w = v
```

இந்த w-தான் பொதுமையாக்கிய ஐகன் காவி. வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. மிச்சத்தை அடைக்கப் போனால் அதுவாகவே வந்து நிற்கும்.

N w = v என்பதை விரித்தால் 2a − b = 1 (மற்றது 4a − 2b = 2, அதேதான்). w = (1, 1) பொருந்தும். வகுப்பில் ஒருவர் (0, −1) என்று எழுதிவிட்டு, என் விடையைப் பார்த்ததும் அழித்துவிட்டார். அழித்திருக்கக் கூடாது! (1, 1) − (0, −1) = (1, 2), அதாவது v. எந்த w-ஐ எடுத்தாலும் வித்தியாசம் v-இன் மடங்குதான். அது c₁-க்குள் போய்விடும். கடைசி விடை ஒன்றேதான்.

பொதுத் தீர்வு:

```
X(t) = e^(−t) [ c₁ v + c₂ (t v + w) ]
```

t = 0-வில் c₁ + c₂ = 2, 2c₁ + c₂ = 1. ஆகவே c₁ = −1, c₂ = 3.

```
x(t) = (2 + 3t) e^(−t)
y(t) = (1 + 6t) e^(−t)
```

சரிபார்க்க அரை நிமிடம் போதும். x' = (1 − 3t) e^(−t); x − y-உம் அதுவே. y' = (5 − 6t) e^(−t); 4x − 3y-உம் அதுவே.

இன்னொரு குறுக்கு வழியும் இருக்கிறது. N-ஐ N-ஆல் பெருக்கிப் பாருங்கள், பூச்சியத் தாயம் வரும். ஆகவே ஐகன் கோட்டில் இல்லாத எந்தக் காவியையும் w என்று முதலில் எடுத்துக்கொண்டு v = N w என்று கணித்தால் அந்த v தானாகவே ஐகன் காவியாகிவிடும். w = (1, 0) என்றால் v = (2, 4). சமன்பாடு தீர்க்கும் வேலையும் இல்லை, பின்னமும் வராது. பரீட்சை அவசரத்தில் நான் இதைத்தான் செய்வேன்.

இனிப் படம். புள்ளி கிடைக்கும் இடம் இது, நீங்கள் அவசரப்படும் இடமும் இதுதான்.

முதலில் y = 2x கோட்டை வரையுங்கள். அதன் மேல் இருக்கும் புள்ளி அந்தக் கோட்டிலேயே உற்பத்திக்கு வரும். இரண்டு பக்கமும் அம்புக்குறி உள்நோக்கி. மற்றப் பாதைகள் எந்தப் பக்கம் திரும்பும்? ஒரு புள்ளி போதும். (1, 0)-இல் வேகம் (1, 4), அதாவது மேல்நோக்கி. எனவே இடஞ்சுழி. ஒரு புள்ளியைப் பார்த்து முழுத் தளத்துக்கும் எப்படிச் சொல்லலாம் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கோணம் மாறும் திசையைக் காட்டுவது x y' − y x'. போட்டுப் பார்ப்போம்:

```
x(4x − 3y) − y(x − y) = 4x² − 4xy + y² = (2x − y)²
```

முழு வர்க்கம்! எங்கேயும் மறையாகாது. ஆகவே எல்லா இடத்திலும் இடஞ்சுழிதான். ஐகன் கோட்டில் மட்டும் திருப்பம் பூச்சியம். மூலங்கள் சிக்கலெண்ணாக இருந்தால் இந்தக் கோவை எங்கேயும் பூச்சியமாகாது, பாதை சுருளாகச் சுற்றும். இரண்டு வேறு மெய் மூலங்கள் என்றால் இரண்டு கோடுகளில் பூச்சியமாகிக் குறி மாறும். நம்முடைய கணக்கு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுழலத் தொடங்கிய பாதை ஒரே ஒரு கோட்டில் முட்டி, அதைத் தாண்ட முடியாமல் அதை ஒட்டியே உள்ளே சரிகிறது. அதனால்தான் படம் பாதி சுருள், பாதி கணு மாதிரித் தெரிகிறது.

கோட்டைத் தாண்டாது என்பதையும் நேராகக் காட்டலாம். u = 2x − y என்றால் u' = −u. நம் பாதையில் u = 3e^(−t), ஒருபோதும் பூச்சியமில்லை.

இப்போது நம் பாதையின் சில புள்ளிகள்:

```
  t        x        y
 −1      −2.72   −13.59
 −2/3     0       −5.84
 −1/6     1.77     0
  0       2.00     1.00
  1/3     2.15     2.15
  5/6     1.96     2.61
  2       1.08     1.76
  4       0.26     0.46
```

t = 1/3-இல் x உச்சம்; அங்கே y = x கோட்டை வெட்டும்போது தொடலி நிலைக்குத்து. t = 5/6-இல் y உச்சம்; அங்கே y = 4x/3 கோட்டில் தொடலி கிடை. இந்த இரண்டு கோடுகளையும் பென்சிலால் மெல்லியதாகப் போட்டுவைத்தால் வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்று கை தடுமாறாது. அப்புறம் பாதை y = 2x-ஐத் தொட்டபடி முதலாம் காற்பகுதியிலிருந்து உற்பத்திக்குள் வருகிறது. ஆனால் மெதுவாக. t = 4-இல் y/x இன்னும் 1.79, t = 10-இலும் 1.91தான்.

பின்னோக்கிப் போனால், மூன்றாம் காற்பகுதியில் தூரத்தில் திசை (−1, −2)-ஐ நெருங்கும். ஆக மொத்தத் திருப்பம் சரியாக அரைச் சுற்று. பெரும்பாலானோர் பிழை விட்டது இங்கேதான்: தூரத்து முனையைக் கோட்டோடு ஒட்டவைத்து வரைந்திருந்தீர்கள். திசை சமாந்தரமாகப் போகிறதே தவிர, பாதை கோட்டிலிருந்து விலகிக்கொண்டே போகிறது. t = −1-இல் u = 8.15, அதற்கு முன்னால் இன்னும் பெரிது. கோட்டின் மறுபக்கத்துப் பாதைகளை வரைய இதே வளைவை உற்பத்தியைச் சுற்றி 180 பாகை திருப்பினால் போதும்.

இந்த t எங்கேயிருந்து முளைக்கிறது என்று இன்னும் மனம் ஒப்பாதவர்களுக்கு, தோட்டத்துத் தண்ணீர்த் தாங்கிகள். பீலித் தண்ணீர் மேல் தாங்கிக்கு வருகிறது, அதிலிருந்து கீழ்த் தாங்கிக்கு, அதிலிருந்து லயத்துக் குழாய்களுக்கு. இரண்டு தாங்கியும் 1000 லீற்றர், ஓட்டம் நிமிடத்துக்கு 50 லீற்றர், நன்றாகக் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் தாங்கியில் 100 கிராம் உப்பைப் போட்டால்

```
x' = −x/20,   y' = x/20 − y/20
x = 100 e^(−t/20),   y = 100 (t/20) e^(−t/20)
```

கீழ்த் தாங்கியில் 20-ஆவது நிமிடத்தில் உச்சம், 36.8 கிராம். மேலேயும் அந்தக் கணத்தில் அதே 36.8. ஒரு மணித்தியாலத்தில் மேலே 5 கிராம், கீழே 15 கிராம் அளவில் இருக்கும். தாங்கிகள் கொஞ்சம் வேறு அளவென்றால் வீதங்கள் a, b என வேறாகி, விடையில் (e^(−at) − e^(−bt))/(b − a) வரும். b-ஐ a-க்குக் கொண்டுவாருங்கள், எல்லையில் t e^(−at). நாம் செயற்கையாகப் பெருக்கியது போலத் தோன்றிய t உண்மையில் இந்த எல்லைதான்.

இங்கே ஐகன் கோடு y அச்சு. முழு வர்க்கம் எது, பாதை எந்தப் பக்கம் திரும்பும் என்று நீங்களே பாருங்கள். அதோடு வருகிற ஞாயிறுக்கு இதையும் படத்துடன் செய்துகொண்டு வாருங்கள். அம்புக்குறிகள் இந்தத் தடவை வெளிநோக்கி இருக்கும்:

```
x' = 3x − y
y' =  x + y
x(0) = 1,  y(0) = 0
```